வாடகைக்கு வந்த வரியும் சேம்பரின் மினிட்ஸ் புத்தகமும்

2025 ஜனவரி 16 அன்று ஒன்றிய நிதி அமைச்சகம் ஒரு ஜி.எஸ்.டி. அறிவிக்கையைத் திருத்தியது. அதற்கு முன்பு, பதிவு பெறாத ஒருவரிடம் கடையை வாடகைக்கு எடுத்த பதிவு பெற்ற வணிகர் ஒவ்வொருவரும் அந்த வாடகை மீது 18 சதவீத வரியைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று இருந்தது. திருத்தம், காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகர்களை அதிலிருந்து விலக்கியது. மூன்று மாதங்களுக்கு மேல் பல கடைத்தெருக்களில் பேச்செல்லாம் இதுவாகவே இருந்தது. அது ஒரே வரித் திருத்தத்தில் முடிந்தது.

நாடு முழுவதும் வணிகர் சங்கங்களும் வர்த்தக சபைகளும் இதற்காக மனு அனுப்பின. போராட்டங்களும் நடந்தன. போராட்டம் செய்தித்தாளில் வரும், மனு வராது. அந்த மனு எங்கே பிறந்தது என்று தேடிப்போனால், ஒரு செயற்குழுக் கூட்டத்துக்கும் அதன் மினிட்ஸ் புத்தகத்துக்கும்தான் போய்ச் சேர வேண்டும். சேம்பர் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்தின் தொடக்கத்தில் "சென்ற கூட்ட நடவடிக்கைகள் வாசித்து உறுதிப்படுத்தப்பட்டன" என்று சொல்லும் அரை நிமிடத்தோடு பலருக்கு அதனுடன் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் ஓர் உறுப்பினரின் புலம்பல் அரசாங்கம் பதில் சொல்லக்கூடிய கோரிக்கையாக மாறுவதும், மாறாமல் போவதும் அந்தப் பக்கங்களில்தான்.

வாடகை வரியையே எடுத்துக்கொண்டு இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் பிரச்சினை என்ன என்பது தெளிவாக வேண்டும்.

கட்டட உரிமையாளரின் சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக அவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஒரு கடையை மாதம் 25,000 ரூபாய்க்கு விட்டிருப்பவருக்கு ஆண்டு வருமானமே மூன்று லட்சம்தான். அவர் வாடகையில் வரி வாங்கவும் மாட்டார், கட்டவும் மாட்டார். இந்த வழியில் வருவாய் நழுவுகிறது என்று 2024 செப்டம்பர் 9 அன்று கூடிய 54-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கருதியது. எனவே வரி கட்டும் பொறுப்பை வாடகைக்கு இருப்பவர் தலையில் வைத்தது. இதற்குப் பெயர் ரிவர்ஸ் சார்ஜ். அக்டோபர் 10 முதல் அது அமலுக்கு வந்தது.

வழக்கமான முறையில் வரி கட்டும் வணிகருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. 25,000 ரூபாய் வாடகைக்கு 4,500 ரூபாய் வரியை ரொக்கமாகக் கட்டுவார். கட்டியதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டு, தம் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். கொஞ்ச நாள் கைப்பணம் முடங்கும், ஒரு கணக்கு வேலை கூடும், அவ்வளவுதான். காம்போசிஷன் வணிகரின் நிலை வேறு. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் வணிகர் இந்தத் திட்டத்தில் சேர்ந்தால், விற்பனையில் ஒரு சதவீதத்தை வரியாகக் கட்டினால் போதும். அதற்கு ஈடாக இரண்டு நிபந்தனைகள்: வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, உள்ளீட்டு வரி வரவும் எடுக்க முடியாது. ஆகவே அந்த 4,500 ரூபாயை அவர் யாரிடமும் வாங்கவும் முடியாது, எதிலும் கழிக்கவும் முடியாது.

ஆண்டுக்கு 60 லட்சம் விற்கும் ஒரு பாத்திரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 15,000 ரூபாய் வரி. வாடகை 25,000 என்றால் மூன்று மாத ரிவர்ஸ் சார்ஜ் 13,500 ரூபாய். மொத்தம் 28,500. வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் கூடாமல் வரி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இப்போது இந்தக் கடைக்காரர் தம் ஊர் சேம்பரின் உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். செயற்குழுக் கூட்டம் நடக்கிறது. அஜெண்டா எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சென்ற கூட்ட நடவடிக்கைகளை உறுதிசெய்தல், எடுத்த நடவடிக்கைகள் பற்றிய செயலாளரின் அறிக்கை, வரவு செலவு, புதிய உறுப்பினர் சேர்க்கை, அரசுக்கு அனுப்பிய மற்றும் அனுப்ப வேண்டிய மனுக்கள், உறுப்பினர் குறைகள், தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள். சூடு பறப்பது கடைசி மூன்றில்தான். துரதிர்ஷ்டம் என்னவென்றால், அதற்குள் மணி ஒன்பதைத் தொட்டிருக்கும். பாதிப் பேர் கடையைப் பூட்டப் போயிருப்பார்கள்.

கடைக்காரர் எழுந்து ஆவேசமாகப் பேசுகிறார். நாலு பேர் அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். செயலாளர் எழுதுகிறார். அவர் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "கடை வாடகை மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. குறித்து உறுப்பினர்கள் கடும் அதிருப்தி தெரிவித்தனர். இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்வதென ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது."

எழுதியதில் பொய் இல்லை, பயனும் இல்லை. இதை வைத்து மனு தயாரிக்கும் அலுவலக உதவியாளர் "வாடகை மீதான ஜி.எஸ்.டி.யை முழுமையாக ரத்து செய்ய வேண்டும்" என்று எழுதிவிடுவார். ஒன்றிய நிதி அமைச்சருக்கு அனுப்பப்படும். விகிதம், விலக்கு பற்றிய மனுக்களை ஜி.எஸ்.டி. கவுன்சிலில் முதலில் பரிசீலிப்பது ஒன்றிய, மாநில அதிகாரிகள் அடங்கிய ஃபிட்மென்ட் குழு. அந்த அதிகாரி முதலில் கேட்கும் கேள்வி, 'வழக்கமான வணிகர் இதை வரவாக எடுத்துக்கொள்கிறாரே, அவருக்கு என்ன பாதிப்பு?' என்பதாகத்தான் இருக்கும். மனுவில் அதற்குப் பதில் இல்லை. வருவாய் நழுவலை அடைக்கக் கொண்டுவந்த விதியை, யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று சொல்லாமலே மொத்தமாக ரத்து செய்யச் சொல்லும் தாள் அடுக்கின் அடிக்குப் போகும்.

அதே விவாதத்தை இன்னொரு செயலாளர் எழுதினால் இப்படியும் எழுதலாம். "2024 அக்டோபர் 8 தேதியிட்ட 9/2024 எண் அறிவிக்கையால், காம்போசிஷன் திட்டத்தில் உள்ள உறுப்பினர்கள் உள்ளீட்டு வரவு எடுக்க வழியின்றி வாடகை மீது 18 சதவீதம் கட்ட வேண்டியுள்ளது என்று உறுப்பினர் ஒருவர் எடுத்துரைத்தார். அவர் காட்டிய கணக்கின்படி காலாண்டு வரி 15,000 ரூபாயிலிருந்து 28,500 ரூபாயாகிறது. வழக்கமான முறையில் வரி கட்டும் உறுப்பினர்களுக்கு இந்தச் சுமை இல்லை என்பதைக் குழு கவனத்தில் கொண்டது. காம்போசிஷன் வணிகர்களை மேற்படி அறிவிக்கையிலிருந்து விலக்கவும், அக்டோபர் 10 முதலான காலத்தை முறைப்படுத்தவும் கோரி ஒன்றிய நிதி அமைச்சருக்கும் மாநில நிதி அமைச்சருக்கும் மனு அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது. வரிக் குழுத் தலைவர் பத்து நாளில் வரைவு தருவார். பத்து உறுப்பினர்களின் வாடகை ஒப்பந்தமும் வரிக் கணக்கும் இணைக்கப்படும்."

இரண்டாவது குறிப்பில் கோபம் இல்லை. ஆனால் யாருக்குப் பாதிப்பு, எந்த ஆணையால், எவ்வளவு, என்ன மாற்ற வேண்டும், யாரிடம் கேட்பது, யார் எழுதுவது, எப்போது என்பவை எல்லாம் இருக்கின்றன. "வழக்கமான வணிகருக்கு இந்தச் சுமை இல்லை" என்று சங்கமே ஒப்புக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சில உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள். நம் பக்கத்து வாதத்தை நாமே குறைப்பதா என்பார்கள். என் கருத்தில் அந்த வாக்கியம்தான் மனுவைக் காப்பாற்றும் வாக்கியம். அதிகாரி கேட்கப்போகும் கேள்விக்குக் கேட்கும் முன்பே பதில் சொல்லி, கோரிக்கையை அவர் தரக்கூடிய அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. கடைசியில் 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய 55-வது கவுன்சில் பரிந்துரைத்ததும் ஏறக்குறைய இதே அளவுதான். வரி நிற்கும், காம்போசிஷன் வணிகர் மட்டும் விலக்கு, இடைப்பட்ட காலம் முறைப்படுத்தப்படும்.

மாநில நிதி அமைச்சருக்கு எதற்கு என்று கேட்கலாம். கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். டெல்லிக்கு மட்டும் மனு அனுப்பிவிட்டுச் சென்னையை மறக்கும் சேம்பர், தனக்காகப் பேசக்கூடியவரையே கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இதில் இன்னொரு தரப்பு விடுபட்டது. வரி விலக்குள்ள பொருளையும் வரியுள்ள பொருளையும் சேர்த்து விற்கும் வழக்கமான வணிகர், வரிவிலக்குப் பொருளின் பங்குக்கு உள்ளீட்டு வரவை எடுக்க முடியாது. வாடகை மீதான வரியில் அந்தப் பங்கு அவர் கையிலிருந்து போவதுதான். ஜனவரித் திருத்தம் அவருக்கு எதுவும் தரவில்லை. மனுவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் நிவாரணம் கிடைக்கும். உங்கள் கடையின் நிலை குறிப்பில் ஏறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

உறுப்பினர் குறைகள் எல்லாமே மனுவாக வேண்டியவையும் அல்ல. அனுபவமுள்ள செயலாளர் குறையைக் கேட்கும்போதே, சட்டம் மாற வேண்டுமா, இருக்கும் உத்தரவைக் கீழே மதிக்கவில்லையா, அல்லது இது அந்த ஒருவரின் வழக்கா என்று மனதுக்குள் பிரித்துவிடுவார்.

உதாரணமாக, ஒரு மளிகை மொத்த வணிகர் சொல்கிறார்: "இ-வே பில்லில் பின்கோடு தப்பா போட்டுட்டாங்க. முகவரி எல்லாம் சரிதான். வண்டியை நிறுத்தி, வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம்னு சொல்றாங்கண்ணே." உடனே யாராவது "டெல்லிக்கு மனு போடுவோம்" என்பார். தேவையில்லை. 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64-ம் எண் சுற்றறிக்கையில் இதற்கு ஏற்கனவே வழி உண்டு. முகவரி சரியாக இருந்து பின்கோடு மட்டும் பிழையானால், அந்தப் பிழையால் இ-வே பில்லின் செல்லுபடிக் காலம் கூடாத வரை, பெரிய அபராத நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. மத்திய, மாநில ஜி.எஸ்.டி.க்குத் தலா 500 ஆக ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட வேண்டும். வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் தவறினாலும் அப்படியே. ஆகவே குறிப்பில் ஏற வேண்டியது "இத்தகைய நிகழ்வுகளின் ஆவணங்களைத் திரட்டி, சுற்றறிக்கை நகலுடன் அமலாக்கப் பிரிவு இணை ஆணையரைச் சந்திப்பது" என்பதே. அமைச்சருக்கு மனு அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது வண்டி வாடகைக்குத்தான் கேடு.

இன்னொருவர் தமக்கு வந்த வரி ஆணை அநியாயம் என்கிறார். அது அநியாயமாகவே இருக்கலாம். ஆனால் மேல்முறையீடு செய்ய ஆணை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம், தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதத்தை முன்பணமாகவும் கட்ட வேண்டும். சேம்பரின் மனு அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. "உறுப்பினர் மேல்முறையீடு செய்ய அறிவுறுத்தப்பட்டார்" என்று எழுதி, அன்றைக்கே வழக்கறிஞரிடமோ ஆடிட்டரிடமோ அவரை அனுப்புவதுதான் உதவி. சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்து கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

அதிகாரிகள் மீதான புகார் தனி ரகம். ஓர் அதிகாரி பணம் கேட்டார் என்று கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசுவார்கள். ஆதாரம் கையில் இல்லாமல் அந்தப் பெயரை அப்படியே குறிப்பில் ஏற்றுவது அவதூறு வழக்குக்கு நாமே எழுதிக்கொடுக்கும் சாட்சி. பேசியவர் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால் அதை உரிய இடத்துக்கு அனுப்பலாம். குறிப்பில் "உறுப்பினர் தெரிவித்த புகாரை எழுத்தில் பெற்று மேல்நடவடிக்கை எடுக்கத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது" என்பதே போதும்.

இதைவிடக் கடினமானது, இரண்டு உறுப்பினர்களின் குறைகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது. வருமான வரிச் சட்டத்தின் 43பி (எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது பல சேம்பர்களுக்கு இந்தச் சங்கடம். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி, ஆண்டு முடிவில் பத்து லட்சம் பாக்கி நின்றால் அந்தப் பத்து லட்சத்தை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது; அது வருமானத்தோடு சேர்ந்துவிடும். பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம்.

சரக்கு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும் சிறு உற்பத்தியாளர் இதைக் கொண்டாடினார். தொண்ணூறு நாள், நூற்று இருபது நாள் கடனில் ஓடும் ஜவுளி வணிகரோ இதைத் தள்ளிவைக்கச் சொன்னார். பெரிய நிறுவனங்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று நடுத்தர நிறுவனங்களுக்கு ஆர்டரை மாற்றிவிடும் என்ற அச்சமும் சிறு உற்பத்தியாளர்களிடையே எழுந்தது. நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாதே. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போது "ஏகமனதாக" என்ற சொல் பொய்யாகிவிடும். அப்படிப்பட்ட கூட்டத்தில் மாற்றுக் கருத்தை, கேட்டுக்கொண்டால் பெயரோடு, பதிவுசெய்ய வேண்டும். மனுவையும் இரு தரப்பும் ஒப்பும் அளவில் நிறுத்த வேண்டும். சரக்கில் குறை என்று தகராறு உள்ள பில்களை எப்படிக் கணக்கிடுவது என விளக்கம் கேட்பது அப்படி ஒரு பொது இடம். மாறாக, தலைவர் எந்தத் தரப்போ அந்தத் தரப்பின் மனு சேம்பர் லெட்டர்ஹெட்டில் போய்விட்டால், அடுத்த மாதம் இன்னொரு தரப்பு தனிச் சங்கம் தொடங்கிவிடும். பின்னர் இரண்டு மனுக்களையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்.

குறிப்பில் எந்தச் சூழலிலும் தீர்மானமாக ஏறக்கூடாத ஒன்றும் இருக்கிறது. "மூலப்பொருள் விலை ஏறிப்போச்சு, எல்லாரும் சேர்ந்து கிலோவுக்கு அஞ்சு ரூபாய் ஏத்துவோம்" என்று யாராவது சொல்வார். உறுப்பினரின் குறை நியாயமானதுதான். ஆனால் 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில், போட்டியாளர்கள் சங்கத்தில் கூடி விலையை ஒத்துப் பேசி நிர்ணயிப்பது போட்டியைக் கெடுக்கும் செயலாகவே கருதப்படும். சிமென்ட் நிறுவனங்கள் மீது 2012-ல் போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, அவர்களின் சங்கக் கூட்டங்களும் சூழ்நிலைச் சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் வெகுதூரம் போனது தனிக்கதை. தலைவர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்தியதையும் குறிப்பில் எழுத வேண்டும். பேச்சை நடக்கவிட்டுவிட்டுக் குறிப்பில் மட்டும் மறைப்பது தப்பிக்கும் வழி அல்ல. மூலப்பொருள் மீதான இறக்குமதி வரியைக் குறைக்கக் கோரி அரசுக்கு மனு அனுப்ப எந்தத் தடையும் இல்லை.

மனு அனுப்பியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் நம் சங்கங்களின் பெரிய பலவீனம். ஆண்டறிக்கையில் "இவ்வாண்டு இத்தனை மனுக்கள் அனுப்பப்பட்டன" என்று பெருமையாக வரும். எத்தனைக்குப் பதில் வந்தது என்று வராது. அடுத்த செயற்குழுவில் ஒவ்வொரு மனுவுக்கும் அனுப்பிய தேதி, ஒப்புகை வந்ததா, இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது, நேரில் யார் போய்ப் பார்த்தார்கள் என்பவற்றைச் செயலாளர் சொல்ல வேண்டும். பதில் வராத மனு உறுதி செய்யப்பட்ட குறிப்பிலிருந்து மறைந்துவிடக் கூடாது, முடியும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வெற்றி பெற்ற மனுவுக்கும் இந்தப் பின்தொடர்தல் வேண்டும் என்பதை வாடகை வரி காட்டியது. கவுன்சில் டிசம்பர் 21 அன்று பரிந்துரைத்தது; அறிவிக்கை வந்தது ஜனவரி 16. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்குக் காம்போசிஷன் வணிகர் சி.எம்.பி.-08 படிவத்தில் வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 18. இடைக்காலம் 'இருந்தது இருந்தபடி' முறைப்படுத்தப்பட்டது. அதாவது, கட்டாதவரிடம் கேட்க மாட்டார்கள். கட்டியவருக்குத் திருப்பித் தரவும் மாட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து ஜனவரி முதல் வாரத்திலேயே கட்டிவிட்ட நாணயமான கடைக்காரருக்குத்தான் நஷ்டம். டிசம்பர் 22 அன்றே "கவுன்சில் இப்படிப் பரிந்துரைத்துள்ளது, கடைசி நாள் வரை பொறுத்து, உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக் கட்டுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிய சேம்பர், தன் ஆண்டுச் சந்தாவைவிடப் பெரிய தொகையை உறுப்பினருக்கு மிச்சப்படுத்தியிருக்கும்.

நீங்கள் ஏதேனும் ஒரு சேம்பரில் உறுப்பினராக இருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் குறையை ஒரு பக்கத்தில் எழுதி, நோட்டீஸ், பில், கணக்கு நகலோடு செயலாளரிடம் கொடுத்து, அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த ஆணையில் என்ன மாற வேண்டும் என்பதைக் கடைசி வரியில் நீங்களே எழுதுங்கள். கூட்டம் முடிந்த பிறகு குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் கணக்கு அதில் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் அது உறுதி செய்யப்படும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.